மறந்துபோனவரும் வாடிக்கையாளரா?

ஓய்வூதியம் பெறும் என் உறவினர் ஒருவரின் வங்கிக் கணக்கிலிருந்து ஐந்து மாதங்களாக, மாதம் 199 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. அவருடைய செல்பேசியை வாங்கிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. ‘ஒரு ரூபாய்க்கு ஏழு நாள்’ என்ற விளம்பரத்தை நம்பித் திரைப்படச் செயலி ஒன்றில் சேர்ந்திருக்கிறார். ஒரே ஒரு படம் பார்த்துவிட்டு, மறுநாளே செயலியை நீக்கியும் விட்டார். செயலி போய்விட்டது; மாதந்தோறும் பணம் எடுக்க அவர் அளித்த அனுமதி மட்டும் போகவில்லை.

சந்தா வணிகம் செய்யும் நிறுவனமொன்றில் சில ஆண்டுகள் கணக்குப் பார்த்தவன் என்பதால், அந்த ஒரு ரூபாயின் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். அது வருமானத்துக்கானது அல்ல. அதைச் செலுத்த யுபிஐ ரகசிய எண்ணை இடும்போதே, ‘ஆட்டோபே’ என்னும் தானியங்கிப் பற்றுக்கான அனுமதியும் சேர்த்துப் பெறப்படுகிறது. அடுத்தடுத்த பற்றுகளுக்கு ரகசிய எண் தேவையில்லை. பொதுவாக 15,000 ரூபாய் வரை ரிசர்வ் வங்கியின் விதிகள் இதை அனுமதிக்கின்றன. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் தர வேண்டும் என்பதும் விதிதான். என் உறவினருக்கும் அந்தத் தகவல் வந்திருந்தது. ஆங்கிலத்தில், கடன் விளம்பரங்களுக்கு நடுவே.

இதில் யாரும் கவனிக்காத இடம், நிறுவனம் தனது வெற்றியை அளக்கும் முறை. ஜூன் 1 அன்று 1,000 பேர் இப்படிச் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். ஏழு நாள்களுக்குள் 300 பேர் ரத்து செய்கிறார்கள். 200 பேரின் கணக்கில் போதிய பணமில்லை. மீதி 500 பேரிடம் 199 ரூபாய் எடுக்கப்படுகிறது. சோதனைக்கு வந்தவர்களில் 50 சதவீதத்தினர் சந்தாதாரர்களாகிவிட்டார்கள் என்று அறிக்கை எழுதப்படும். விளம்பரப் பிரிவுக்குப் பாராட்டும் கிடைக்கும்.

அந்த 500 பேர் கடைசியாகச் செயலியைத் திறந்தது எந்த நாள் என்று பார்த்தால் கதை மாறும். 280 பேர் மூன்றாம் நாளுக்குப் பிறகு திறக்கவே இல்லை என்றால், உண்மையில் முடிவெடுத்துப் பணம் கொடுத்தவர்கள் அதிகபட்சம் 220 பேர். மற்ற 280 பேரிடமிருந்து வந்த 55,720 ரூபாய், மறதியின் விலை. அவர்களில் பலர் வங்கிச் செய்தியைக் கண்டதும் விலகுவார்கள். சிலர் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். எனவே, முதல் பற்றை மட்டும் எண்ணுவது ஏமாற்றும் கணக்கு. ஜூன் 1 அன்று சேர்ந்தவர்களைத் தனிக் குழுவாக வைத்து, அவர்களில் எத்தனை பேர் மூன்றாம் மாதமும் பணம் செலுத்தி, பயன்படுத்தியும் வருகிறார்கள் என்று எண்ணுவதே சரியான கணக்கு.

இந்த விவரம் நிறுவனங்களுக்குத் தெரியாமல் இல்லை. யார் எந்தப் படத்தை எந்த நிமிடத்தில் நிறுத்தினார் என்பதுவரை பதிவாகும்போது, யார் வரவே இல்லை என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? நீண்ட காலம் எதையும் பார்க்காத உறுப்பினர்களிடம் தொடர விருப்பமா என்று கேட்டு, பதில் இல்லையென்றால் சந்தாவை ரத்து செய்வதாக 2020-ல் நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. மனமிருந்தால் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிடுகின்றன. அவற்றுள் ஒன்று ‘சந்தாப் பொறி’. ரத்து செய்யும் வழியை மறைப்பது மட்டுமல்ல, இலவசச் சந்தாவுக்காகத் தானியங்கிப் பற்றுக்கான அனுமதியைக் கட்டாயமாகப் பெறுவதும் இதில் அடங்கும். ஆனால், ஒரு ரூபாய் வாங்கிவிட்டால் அது ‘இலவசம்’ அல்லவே என்று வாதிட இடமிருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். பெயரளவுக் கட்டணத்துடன் வரும் சோதனைச் சந்தாவையும் இலவசமாகவே கருத வேண்டும். சோதனைக் காலத்தின் கடைசி நாள்களில் செயலியைத் திறக்காதவரிடம், அவருடைய மொழியில் மறுபடியும் சம்மதம் கேட்ட பிறகே முதல் பற்று நடக்க வேண்டும்.

இப்படிச் செய்தால் மாறியவர்களின் விகிதம் 50-லிருந்து 22 சதவீதமாகச் சரியலாம். சரியட்டும். அந்த 22 தான் உண்மையான எண்.

விதி மாறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்தால், நடப்பிலுள்ள அனுமதிகள் எல்லாம் தெரியும். அங்கேயே ரத்து செய்யலாம். என் உறவினருக்காகத் திறந்தபோது மூன்று இருந்தன. மற்ற இரண்டும் எதற்கு என்று அவருக்கு நினைவில்லை.