"ஒன்பதுக்கு மேல் போனால் ஆறைக் கூட்டு": இந்த அரை விதியை இனியாவது நிறுத்துங்கள்

நமது ஊர்ப் பிள்ளைகள் பலரிடம் ஒரே நோட் கிடக்கிறது. யார் அடித்தது என்று நான் கேட்கப் போவதில்லை. அதில் பிசிடி கூட்டலுக்கு ஒரே வரிதான்: "விடை ஒன்பதுக்கு மேல் போனால் ஆறைக் கூட்டு." இது பாதி விதி. மீதிப் பாதி தெரியாமல் பிள்ளை பிழை விடுகிறது, பழியும் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது.

பிசிடி என்றால், ஒவ்வொரு தசம இலக்கத்தையும் தனித்தனியே நான்கு பிட்டில் எழுதுவது. 28 என்பது 0010 1000. நான்கு பிட்டில் பதினாறு வடிவங்கள் உண்டு, நமக்குத் தேவை பத்துத்தான். 1010 முதல் 1111 வரை ஆறு வடிவங்கள் சும்மா கிடக்கின்றன. ஆறு எங்கிருந்து வந்தது என்றால் இங்கிருந்துதான். நாம் பத்தில் அடுத்த இடத்துக்கு ஒன்றைக் கொண்டு போகிறோம், இயந்திரம் பதினாறில்தான் கொண்டு போகும். இடையிலுள்ள அந்த ஆறை நாம்தான் தாண்டிவிட வேண்டும்.

25உடன் 36ஐக் கூட்டுங்கள். வலப்பக்கம் 0101உம் 0110உம் சேர்ந்து 1011. அப்படியொரு இலக்கமே இல்லை. ஆறைக் கூட்டினால் 0001 மிஞ்சி, ஒன்று இடப்பக்கம் போகும். 61. இதற்கு அந்த நோட் போதும்.

இப்போது 28உடன் 39.

0010 1000
0011 1001
0110 0001

வலப்பக்கம் 0001, இடப்பக்கம் 0110. இரண்டும் நல்ல இலக்கங்கள். "சேர், ஒன்றுதானே வந்திருக்கு, ஒன்பதுக்கு மேலே இல்லையே" என்று பிள்ளை 61 என எழுதிவிட்டுப் போகிறது. உண்மை விடை 67. எட்டும் ஒன்பதும் பதினேழு. அதில் பதினாறு ஏற்கனவே இடப்பக்கம் ஒன்றாகப் போய்விட்டது, ஒன்றுதான் மிச்சம். பத்து போகவேண்டிய இடத்தில் பதினாறு போனதால் ஆறு குறைகிறது.

ஆகவே முழு விதி இதுதான்: நான்கு பிட் ஒன்பதைத் தாண்டினாலும் ஆறு, அதிலிருந்து ஒன்று வெளியே போயிருந்தாலும் ஆறு. முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம்.

"பரீட்சைக்கு இவ்வளவு தேவையில்லை" என்பவர்கள் 8085 சிப்பைப் பாருங்கள். நடுவில் போன அந்த ஒன்றை நினைவில் வைக்கவே அதில் AC என்று தனியாக ஒரு கொடி வைத்திருக்கிறார்கள்.

```
MVI A,28H
ADI 39H   ; A=61H, AC=1
DAA       ; A=67H
```

61ஐ மட்டும் பார்த்தால் DAAக்கும் ஒன்றும் விளங்காது, கொடியைப் பார்த்துத்தான் ஆறைக் கூட்டுகிறது. அதனால்தான் கூட்டல் முடிந்த கையோடு அதை எழுத வேண்டும். 8085இல் கழித்தலுக்குப் பிறகு போட்டால் சரிவராது. இதுவும் அந்த நோட்டில் இல்லை.

இன்றிரவு பிள்ளையிடம் 19உடன் 19ஐ பிசிடியில் கூட்டச் சொல்லுங்கள். 38 வந்தால் நல்லது. 32 வந்தால் அந்த நோட்டை எனக்கு அனுப்பிவிடுங்கள்.