அசிட்டும் குளோரினும் ஒரே தரையில் சந்திக்கக்கூடாது

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் பெருந்திருவிழாவுக்கு மலையகத்திலிருந்தும் நம் குடும்பங்கள் போகின்றன. குறிகட்டுவானில் படகேறி இறங்குகின்ற பல்லாயிரம் பேருக்கும் மலசலகூடம் வேண்டும். அவற்றைக் கழுவ ஆட்கள் வேண்டும். இந்தக் கழுவும் வேலைக்குத் தோட்டங்களிலிருந்து நம் பிள்ளைகள் இன்று யாழ்ப்பாணம், கொழும்பு என்று எங்கும் போகிறார்கள். ஆகவே தீவகத்துத் துப்புரவுத் தொழிலாளியின் கையும் நுரையீரலும் நம் சங்கத்தின் விடயந்தான்.

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் இந்த வேலைக்குத் தனியான ஒரு சிக்கல் உண்டு. அங்கே நிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல். பல கிணறுகளில் தண்ணீர் சவராக இருக்கும். அந்தத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு மலசலகூடக் கோப்பையில் மஞ்சளும் பழுப்புமாகப் படிந்து கல்லாகிவிடுகிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் போகாது. அதற்கு அசிட்தான் வேண்டும். கடையில் விற்கும் மலசலகூடத் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஐதரோக்குளோரிக் அமிலம். இறப்பர்ப் பாலை உறைய வைக்கும் போமிக் அசிட்டோடு பழகியவர்களுக்கு அசிட் தோலில் பட்டால் என்ன செய்யும் என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அசிட் சுண்ணாம்பில் பட்டதும் நுரைக்கும். நுரைப்பது கரைவதன் அடையாளம். ஆனால் ஊற்றியவுடன் தேய்த்துக் கழுவிவிட்டால் பாதிக் கறை அப்படியே நிற்கும். உடனே, “காரம் போதாது, இன்னும் ஊற்று” என்று சொல்வார்கள். உண்மையில் போதாமல் போனது நேரம். விளிம்பைச் சுற்றி மெல்லியதாக ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு வெளியே நின்றால் அதே அளவு அசிட் வேலையைச் செய்துவிடும். நுரை நின்ற பிறகும் கறை இருந்தால், கழுவிவிட்டு மறுபடி மெல்லியதாக ஊற்றலாம். ஆக, பத்துக் கூடத்தை ஒரு மணித்தியாலத்தில் முடி என்று சொல்பவர்தான் போத்தலைக் கவிழ்க்க வைக்கிறார்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளும், தரை துடைக்கும் குளோரின் திரவமும் அசிட் போத்தலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஆயுதமாகத் திறந்துவிடப்பட்டது இதே வாயுதான். காற்றைவிட இரண்டரை மடங்கு பாரமானதால் அது மேலே போகாது, தரையோடு தேங்கும். குனிந்தும் குந்தியிருந்தும் கோப்பையைத் தேய்ப்பவரின் முகம் இருப்பதும் அதே உயரத்தில்தான்.

2019 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பேர்லிங்டன் என்ற ஊரின் உணவகம் ஒன்றில் நடந்ததைப் பாருங்கள். சமையலறைத் தரையில் அசிட் வகைத் திரவம் ஏற்கெனவே சிந்தியிருந்தது. அது தெரியாமல் இன்னொரு தொழிலாளி அதே தரையில் குளோரின் திரவத்தை ஊற்றினார். தரை பச்சை நிறமாகி நுரைத்தது. அவர் கண் எரிந்து வெளியே போனார். எல்லோரும் வெளியேறும்போது, முகாமையாளர் அந்தக் கலவையை வெளியே தள்ளிவிடலாம் என்று தரைத் தள்ளியோடு உள்ளே போனார். மூச்சுத் திணறி இறந்தது அவர்தான். பத்துக்கும் மேற்பட்டோர் வைத்தியசாலைக்குப் போனார்கள்.

இப்படி நடந்தால் “கவனயீனம்” என்று தொழிலாளியின் மேல் போட்டுவிடுவது வழக்கம். அங்கே கவனயீனம் யாருடையது? அசிட்டைச் சிந்தியவர் குளோரினைத் தொடவில்லை. குளோரினை ஊற்றியவருக்கு அசிட் இருந்தது தெரியாது. இரண்டையும் ஒரே தரைக்கு வர விட்ட ஏற்பாடுதான் கொன்றது. ஏற்பாடு செய்வது வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்பதே எங்கள் நிலைப்பாடு.

அந்த ஏற்பாடு எப்படி இருக்க வேண்டும்? கோப்பைக்கு அசிட் என்றால், அந்த அறையில் அன்று குளோரின் நுழையக்கூடாது. இரண்டையும் வெவ்வேறு இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். குளிர்பான போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. கதவையும் யன்னலையும் திறந்து, கதவு சாத்தாதபடி கல் ஒன்றை வைத்துவிட்டுத்தான் போத்தலைத் திறக்க வேண்டும்.

கையுறை முழங்கைப் பக்கம் வரை நீண்ட, தடித்த இறப்பர் கையுறையாக இருக்க வேண்டும். துணிக் கையுறை அசிட்டை உறிஞ்சித் தோலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அது வெறுங்கையைவிட மோசம். போடுமுன் கையுறைக்குள் தண்ணீர் நிரப்பிப் பிழிந்து பாருங்கள். ஊசித்துளை இருந்தால் தண்ணீர் துளிக்கும். அதை எறிந்துவிட வேண்டும்.

தரைக்கான அளவில் ஊகத்துக்கு இடமில்லை. போத்தலில் 5 சதவீதம் என்று எழுதிய குளோரின் திரவம் என்றால், 10 லீற்றர் வாளிக்கு 200 மில்லிலீற்றர் போதும். அது 0.1 சதவீதக் கரைசல். சாதாரணத் தரைக்கு அது காணும். முதலில் அழுக்கைச் சவர்க்காரத்தால் கழுவி, அலசிவிட்டுத்தான் இதைப் பூச வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கிலேயே செலவாகிவிடும். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு திரவம். அசிட்டுக்கும் இதே முறைதான். அசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். வெந்நீர் எதற்கும் வேண்டாம். கரைத்ததை அன்றே பாவித்து முடியுங்கள். அடுத்த நாளுக்கு அதன் வலு குறைந்துவிடும்.

மூக்கைக் குத்தும் வாடை, கண்ணீர், இருமல் வந்தால் அந்தக் கணமே வெளியே வாருங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வரலாம் என்று நிற்காதீர்கள், திரும்பி உள்ளே போகாதீர்கள். முதலில் சரியானது போலிருந்தாலும் சில மணித்தியாலங்களின் பின் மூச்சு முட்டலாம். ஆகவே வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். அசிட் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே தண்ணீரால் இருபது நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, பற்பசை எதுவும் பூசக்கூடாது. தண்ணீர் அரிதான தீவில் இதற்கென்றே நிறைந்த வாளிகளை வாசலில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

ஊர்காவற்றுறைக்குத் தரைவழிப் பாதை உண்டு. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் நிலைமை மோசமானால் நோயாளியைப் படகில் ஏற்றிக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நெடுந்தீவிலிருந்து கடல் வழி மட்டுமே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை.

ஆகவே துப்புரவு வேலை கொடுக்கும் எவரிடமும், அது கோயில் மடமானாலும் சபையானாலும் தோட்ட நிர்வாகமானாலும், நாம் கோருவது இவை: ஆளுக்கு ஒரு சோடி நீண்ட கையுறை, கிழிந்தால் அன்றே மாற்று, அளவுக் கோடு போட்ட ஒரு பாத்திரம், தமிழில் எழுதிய அளவுச் சீட்டு, அசிட்டுக்கும் குளோரினுக்கும் தனித்தனிப் பூட்டு, அசிட் ஊற வேண்டிய நிமிடங்களுக்கும் சேர்த்துச் சம்பளம். இவை இல்லாத இடத்தில் போத்தலைத் திறக்க மறுக்கும் தொழிலாளியோடு சங்கம் நிற்கும்.