இரு வாசகர், ஒரே விவரம்

பசுமலையிலும் திருப்பரங்குன்றத்திலும் உள்ள கல்லூரிகளில் கணினி பயின்று, இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ உள்ள எல்காட் வளாகங்களிலோ, அன்றிச் சென்னை, பெங்களூரிலோ உத்தியோகம் தேடப் புறப்படும் இளைஞர்களுக்கு, வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்புகளில் ஓர் உபதேசம் தவறாமல் செய்யப்படுகிறது. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் எச்.ஆர். அதிகாரிக்குத் தொழில்நுட்பம் தெரியாது. இஞ்சினியருக்கோ விளக்கம் தேவையில்லை. ஆகையால் கற்ற கருவிகளின் பெயர்களையெல்லாம் பயோடேட்டாவின் தலைப்பில் அடுக்குங்கள், ஒவ்வொரு வரிக்கும் ஒரு சதவிகிதம் சேருங்கள், கடைசியில் கிட்ஹப் முகவரியைத் தந்துவிடுங்கள் என்பதே அந்த உபதேசம். இதை ஒவ்வோர் அங்கமாகப் பரிசீலித்தால், எதுவும் நிலைத்து நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலாவது, எச்.ஆர். அதிகாரி கருவிப் பெயர்களை மட்டுமே பார்க்கிறார் என்னும் வாதம். அமெரிக்காவில் லேடர்ஸ் என்னும் வேலைவாய்ப்பு நிறுவனம் 2012ஆம் ஆண்டில் 30 ஆட்சேர்ப்பாளர்களின் விழியசைவைக் கருவிகொண்டு ஆராய்ந்தபோது, ஒரு பயோடேட்டாவின்மீது முதல் பார்வை சுமார் ஆறு விநாடிகளே தங்குகிறது என்பதும், அந்த விநாடிகளில் பெரும்பங்கு பெயர், இப்போதைய பதவி, முந்தைய பதவி, அவற்றின் ஆரம்ப, முடிவுத் தேதிகள், கல்வி ஆகியவற்றிலேயே செலவாகிறது என்பதும் தெரியவந்தன. கருவிப் பட்டியலுக்கு அந்தப் பார்வையில் சிறப்பிடம் எதுவும் இல்லை. நௌக்ரி போன்ற தளங்களில் ஆட்களைத் தேடுவோர் சொற்களை இட்டே தேடுகிறார்கள் என்பது மெய்தான். ஆயினும் அதற்கு அந்தச் சொல் விவரத்தில் எங்கேனும் ஓரிடத்தில், எழுத்தாக, இருந்தால் போதும். பலர் கருவிகளைச் சித்திரப் பட்டைகளாக வரைந்து, பக்கத்தை இரண்டு பத்திகளாகவும் பிரித்துவிடுவதால், இயந்திரம் படத்தைப் படிக்க இயலாமல் விடுகிறது. சில வேளைகளில் இடப்பத்தியின் வரியையும் வலப்பத்தியின் வரியையும் பின்னிப் படிக்கிறது. `pdftotext resume.pdf -` என்று ஆணையிட்டு, வெளிவரும் எழுத்தைத் தாமே ஒருமுறை வாசித்தால் இந்தக் கோளாறு இருக்கிறதா என்பது ஓரளவு விளங்கிவிடும்.

இரண்டாவது, சதவிகிதம். பசுமலையில் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், ஒரு பள்ளிக்காக, மாணவர் வராத நாட்களில் பெற்றோருக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்றைச் செய்திருந்தார். அவர் பயோடேட்டாவில் அது இப்படி எழுதப்பட்டிருந்தது: “பைதான், ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், டாக்கர் ஆகியவற்றைப் பயன்படுத்தித் திறன்மிக்க குறுஞ்செய்தி அமைப்பை உருவாக்கி, செயல்திறனை 40 சதவிகிதம் உயர்த்தினேன்.” எதில் 40? எதோடு ஒப்பிட்டு? எத்தனை நாள் அளந்து? இந்த மூன்று வினாக்களுக்கும் விடையில்லாத எண்ணை எச்.ஆர். அதிகாரி நூறு பயோடேட்டாக்களில் கண்டு சலித்திருப்பார். இஞ்சினியரோ அதைக் கண்டதும் மற்ற வரிகளையும் சந்தேகிக்கத் தொடங்குவார்.

உண்மையில் அவர் செய்தது அதைவிட மிக நல்ல காரியம். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துக்கள் அடங்கும். தமிழ்க் குறுஞ்செய்தியிலோ 70 குறியீடுகளே அடங்கும். அதற்கு மேற்பட்டால் செய்தி இரண்டாகப் பிளந்து, இரண்டுக்கும் கட்டணம் விழும். மேலும் தமிழின் ஓர் எழுத்து பெரும்பாலும் இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. பள்ளியின் செய்தியோ “மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம்” என்று ஆரம்பித்தது. இந்த மரியாதை மட்டுமே 35 குறியீடுகள், அதாவது கொள்ளளவில் சரிபாதி. “மீனாட்சிசுந்தரேஸ்வரன் இன்று பள்ளிக்கு வரவில்லை.” என்ற வாக்கியம், பெயர் முழுமையாக இருந்தால், 47. இடைவெளியோடு மொத்தம் 83; ஆகவே இரண்டு செய்திகளின் கட்டணம். அவர் மரியாதையை “வணக்கம்” என்ற ஒரு சொல்லாகச் சுருக்கியதும் 55 ஆயிற்று, கட்டணம் பாதியாயிற்று.

இன்னொன்றும் இருந்தது. முந்தைய நிரல் பெயருக்கு 20 குறியீடுகளே இடம் ஒதுக்கியிருந்தபடியால், நீண்ட பெயரின் கடைசிப் புள்ளி வெட்டுண்டு, “மீனாட்சிசுந்தரேஸ்வரன” என்று பெற்றோருக்குப் போய்க்கொண்டிருந்தது. (தங்கள் பிள்ளையின் பெயரிலுள்ள புள்ளியைக்கூடக் காக்காத பள்ளியிடம் பெற்றோர் கோபிப்பது நியாயமே.) அவர் ஓப்பன்-தமிழ் என்னும் திறந்த மூல நூலகத்தைக் கொண்டு, குறியீட்டால் எண்ணுவதை விட்டு எழுத்தால் எண்ணும்படி மாற்றினார்:

```
>>> from tamil import utf8
>>> len("மீனாட்சிசுந்தரேஸ்வரன்")
21
>>> len(utf8.get_letters("மீனாட்சிசுந்தரேஸ்வரன்"))
12
```

இவ்வளவும் அந்த ஒற்றை 40 சதவிகிதத்துக்குள் புதைந்து கிடந்தது.

மூன்றாவது, இஞ்சினியர் நிரலைத் தாமே படித்துக்கொள்வார் என்பது. பேட்டிக்கு முன் அவருக்குக் கிடைப்பது கால் மணி நேரம். நிறுவனத்துக்காக எழுதிய நிரலோ வெளியில் காட்டத்தக்கதே அன்று. அவர் தேடுவது, எந்தக் கட்டுப்பாட்டுக்குள் வேலை நடந்தது, எதைத் தேர்ந்து எதை விலக்கினார், எது இன்னும் முடியவில்லை என்பவற்றைத்தான். பட்டியலில் ரெடிஸ் என்று கண்டால் “அது எதற்கு?” என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். அந்த இளைஞர் அதைப் பயிற்சி ஒன்றில் தொட்டுப் பார்த்ததன்றி, இந்தப் பள்ளி மென்பொருளில் அதற்கு வேலையே இருக்கவில்லை.

எஞ்சியிருப்பது, இருவருக்கும் ஒரே விவரம் எழுத முடியாது என்னும் நான்காவது வாதம். மற்ற மூன்றும் இதன்மீதே நிற்கின்றன. கீழ்க்கண்டதைப் படித்துப் பாருங்கள்:

“வராத மாணவர் பற்றிப் பள்ளியிலிருந்து பெற்றோருக்குச் செல்லும் தமிழ்க் குறுஞ்செய்தி இரண்டு செய்திகளாகக் கணக்கிடப்பட்டு வந்ததை ஒன்றாக்கினேன்; 40 பேர் வராத நாளில் 80 செய்திகள் வரை விழுந்த கட்டணம் இப்போது 40 செய்திகளுக்கே. நீண்ட பெயரோடு கூடிய வாசகத்தை 83 குறியீடுகளிலிருந்து 55ஆகச் சுருக்கினேன் (எல்லை 70). பெயர்கள் எழுத்தின் நடுவே வெட்டுப்படாதபடி ஓப்பன்-தமிழ் கொண்டு திருத்தினேன். பைதான், ஜாங்கோ, தனியாகச் செய்தது. கட்டண நினைவூட்டல் செய்தி இன்னும் இரண்டாகவே செல்கிறது.”

முதல் வாக்கியத்துக்கு எந்தச் சாஸ்திர ஞானமும் வேண்டாம், எச்.ஆர். அதிகாரி அதோடு நின்றாலும், பணம் மிச்சமாயிற்று என்பதையும், யாருக்கு என்பதையும் அறிந்துகொள்கிறார். இஞ்சினியர் இரண்டாம் வாக்கியத்தில் 70 என்னும் எல்லையைக் கண்டதும் பிரச்சினையின் இயல்பைக் கிரகித்துக்கொண்டு, பெயர் இன்னும் நீண்டு அந்த எல்லையைத் தாண்டினால் என்ன செய்வீர் என்று கேட்பார். அது விண்ணப்பதாரர் விரும்பவேண்டிய கேள்வி, ஏனெனில் அதற்கு அவரிடம் பதில் உண்டு. கருவிகளின் பெயர்கள் குறைந்தும் தேடல் இயந்திரத்துக்குத் தேவையானவை அங்கேயே இருக்கின்றன. கடைசி வாக்கியத்தை நீக்கிவிடும்படி வகுப்பாசிரியர்கள் சொல்லுவார்கள். நானோ அதைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன். தம் வேலையின் எல்லையை அறிந்தவர் சொன்ன மற்ற எண்களையும் நம்பலாம் என்று அதைப் படிக்கும் இஞ்சினியர் முடிவுசெய்வார்.

இப்படி எழுதுவதற்கு அளந்து வைத்த எண் ஒன்று கைவசம் இருக்கவேண்டும் என்பது ஒரு சிரமமே. வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து, முன்பு எத்தனை செய்திகள் போயின என்று தேடினால் கிடைக்காது. ஆகையால், இப்போது ஏதேனும் ஒரு மென்பொருளைத் திருத்திக்கொண்டிருக்கும் இளைஞர்கள், திருத்தும் முன்பே பழைய நிலையின் அளவைத் தேதியோடு ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பயோடேட்டாவுக்கு அந்தத் தாள் போதும்.