ஈரம் ஒரு மேட்டரே இல்லையாம்!

எனக்கு ஊரு குள்ளஞ்சாவடி. நெய்வேலி பக்கம். அங்க வெட்டி எடுக்குற பழுப்பு நிலக்கரியில ஏறத்தாழ பாதி தண்ணிதான்னு எங்க ஊர் டீக்கடையில கேட்டாலே சொல்லுவாங்க. போன மாசம் ஒரு மீட்டிங்ல ஒருத்தர் பார்ஷியல் டிபெண்டன்ஸ் பிளாட் போட்டுக் காட்டுனாரு. சுருக்கமா பி.டி.பி. ஈரம் கூடினாலும் கோடு படுக்கையாவே கிடக்குது. "பாத்தீங்களா, ஈரத்தால கரிச் செலவு கூடல. மழைக்குக் கொட்டகை எதுக்கு?"ன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அந்தக் கோட்டுல ஒவ்வொரு புள்ளியும் எப்படி வருதுன்னு பாருங்க மக்களே:

```
X2 = X.copy()
X2["eeram"] = 45
model.predict(X2).mean()
```

அதாவது எல்லா வரியிலயும் ஈரத்தை 45ன்னு அழிச்சு எழுதிட்டு, மத்த காலத்தைத் தொடாம, சராசரி எடுக்குது. இங்கதான் வில்லங்கம். பக்கத்துக் காலத்துல கலோரி மதிப்பு இருக்கு. ஈரம் ஏறினா அது இறங்கியே ஆகணும்.

ஒரு கணக்கு போடுவோம். சாம்பல் 5 சதவீதம், ஈரமும் சாம்பலும் போக மிச்சம் கிலோவுக்கு 6000 கிலோகலோரி, யூனிட் மின்சாரத்துக்கு 2800 கிலோகலோரின்னு வச்சுக்குங்க. ஈரம் 45ன்னா கரி 3000 கிலோகலோரி தரும், யூனிட்டுக்கு 0.93 கிலோ போதும். ஈரம் 55ன்னா 2400தான், 1.17 கிலோ வேணும். கால் பங்கு கூட! இது ஒரு மேட்டரே இல்லையா?

இப்ப அந்த 55 வரியில ஈரத்தை மட்டும் 45 ஆக்குங்க. கலோரி அதே 2400. அப்படி ஒரு கரி வரணும்னா சாம்பல் 15 சதவீதம் இருக்கணும். நம்ம டேட்டாவுல அப்படி ஒரு லோடு கூட கிடையாது. இல்லாத கரிக்கு மாடல் ஜோசியம் சொல்லுது, அதையும் சேர்த்து சராசரி! மாடல் கலோரியை மட்டுமே பார்த்துக் கத்துக்கிட்டிருந்தா, ஈரத்தை எப்படி மாத்தினாலும் பதில் மாறாது. கோடு படுத்துரும். ரெண்டையும் பாதிப்பாதி எடுத்துக்கிட்டிருந்தா (ரேண்டம் ஃபாரஸ்ட் இதை அடிக்கடி பண்ணும்) ரெண்டு கோடுமே உண்மையை விடச் சாதுவா தெரியும்.

பி.டி.பி.யை 2001ல அறிமுகப்படுத்தின ஃப்ரீட்மேன் மேல எனக்குக் கோபம் இல்லை. காலங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தா இது ஆகாதுன்னு sklearn ஆவணத்துலயே எழுதியிருக்கு. யாரு படிக்கிறா :-(

கோடு போடுறதுக்கு முன்னாடி eeram, kalori ரெண்டையும் வச்சு புள்ளிப் படம் போடுங்க சாமி. புள்ளிகள் ஒல்லியா சாய்வா ஒரே பட்டையில நின்னா பி.டி.பி.யை நம்பாதீங்க. அப்லியும் ஜூவும் கொண்டுவந்த ஏ.எல்.இ. 44க்கும் 46க்கும் நடுவுல நெசமாவே இருக்குற வரிகளை மட்டும் எடுத்து வித்தியாசம் பார்க்கும். இல்லாத கரி அதுல நுழையாது. ஆனா அதுவும் கலோரியைப் பிடிச்சு வச்சுக்கிட்டுதான் ஈரத்தை நகர்த்தும். மாடல் கலோரியை மட்டுமே பார்த்தா அதுலயும் கோடு படுத்துதான் கிடக்கும். கொட்டகைக் கேள்விக்கு, அந்தப் பட்டை மேலயே ரெண்டையும் சேர்த்து நகர்த்திப் பாக்கணும்: 45க்கு 3000, 55க்கு 2400. மீட்டிங்ல இதைச் சொன்னேன். "கிராஃப் தெளிவா இருக்கே தம்பி"ன்னாரு.