லப்டொப்பில் செருகிய டெப் ஏன் நிரம்புவதில்லை?



கல்கிசையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மின்வெட்டு நேரத்தில் மகளின் ஐபேட்டை லப்டொப்பில் செருகிக் கொடுத்திருக்கிறார். மகள் பாடக் காணொளி பார்த்தபடியே இருந்திருக்கிறாள். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் சார்ஜ் ஏறவில்லை. நான்கைந்து சதவீதம் இறங்கியிருக்கிறது. டெப் பழுதா, வயர் பழுதா என்று கேட்கிறார்.

இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, அம்மா. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டி நாடே இருண்டது. அதன்பின் சில நாட்கள் ஒன்றரை மணி நேர வெட்டு வந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் இதே கேள்வி எழுந்திருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லப்டொப்பின் அகலமான யூஎஸ்பி துவாரம் மவுஸ், விசைப்பலகை போன்ற சிறு பொருட்களை இணைக்க வந்தது. பழைய யூஎஸ்பி 2 விதிப்படி அது தர ஒப்புக்கொள்வது 5 வோல்ட்டில் அரை அம்பியர், அதாவது 2.5 வாட். நீல நிறத் துவாரங்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி 3 வகை, அவை 4.5 வாட் தரும். எவ்வளவு இழுக்கலாம் என்பதைத் துவாரத்திடம் அறிந்துகொண்டு டெப்தான் இழுக்கிறது. சுவர்ச் சார்ஜர் தன்னைச் சார்ஜர் என்று அடையாளம் காட்டும், டெப்பும் தாராளமாக எடுக்கும். சாதாரணக் கணினித் துவாரத்தில் அந்த அடையாளம் இல்லாததால் டெப் அடக்கமாகவே எடுக்கிறது.

இனி கல்கிசைத் தாயின் கணக்குக்கு வருவோம். அந்த வீட்டில் இருப்பது ஒன்பதாம் தலைமுறை ஐபேட். அதன் பெட்டரி 32.4 வாட்-மணி. நிறைந்த பெட்டரியில் பத்து மணி நேரம் பாவிக்கலாம் என்கிறது அப்பிள். அப்படியென்றால் திரை எரியும்போது அது மணிக்கு ஏறத்தாழ 3.2 வாட்-மணி தின்கிறது. துவாரம் தருவதோ 2.5, அதிலும் கொஞ்சம் வழியில் சூடாகப் போய்விடும். வரவைவிடச் செலவு அதிகம், அதனால்தான் இறங்கியது. திரையை அணைத்து வைத்திருந்தால் ஏறியிருக்கும், ஆனால் வெறுமையிலிருந்து நிரம்பப் பதினைந்து மணி நேரமளவு பிடிக்கும். 2010இல் வந்த முதல் ஐபேட்டைச் சாதாரணக் கணினியில் செருகியவர்களுக்குத் திரையில் Not Charging என்றே வந்தது. அதன் பெட்டரி 25 வாட்-மணி, பாவனை பத்து மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், துவாரம் தருவதும் திரை தின்பதும் சரியாக ஒன்றே.

பிள்ளைகளின் கையடக்க விளையாட்டுக் கருவிகளில் நிலைமை இன்னும் கடினம். 2017இல் வந்த முதல் நின்டெண்டோ சுவிட்ச்சின் பெட்டரி 16 வாட்-மணி. விளையாட்டைப் பொறுத்து இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் தாங்கும் என்றார்கள். பாரமான விளையாட்டென்றால் ஆறு வாட்டுக்கு மேல் போகிறது. முதலில் வந்த ஸ்டீம் டெக் அதையும் மிஞ்சும்: 40 வாட்-மணி பெட்டரி, கடும் விளையாட்டில் இரண்டே மணி நேரம், அதாவது 20 வாட். அதனோடு வருவது 45 வாட் சார்ஜர். 2.5 வாட்டில் அதை வைத்து விளையாடுவதில் பயனே இல்லை.

லப்டொப்பில் சிறிய நீள்வட்ட சி துவாரம் இருந்தால், ஒரு முனை சி ஆகவும் மறுமுனை டெப்புக்குப் பொருந்துவதாகவும் உள்ள வயரைப் பாவியுங்கள்; பல லப்டொப்களில் 7.5 முதல் 15 வாட் வரை கிடைக்கும். ஒரு முனை அகலமான வயரைப் போட்டால் மறுபடி பழைய விதிக்கே இறங்கிவிடும்.

மின்வெட்டில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. விழித்திருக்கும் லப்டொப் தானே எட்டு வாட்டளவு தின்னும். டெப்புக்கு 2.5 வாட் கொடுக்க மணிக்குப் பத்து வாட்-மணிக்கு மேல் தன் பெட்டரியிலிருந்து செலவழிக்கிறது. மூடி உறங்க வைத்தால் பல லப்டொப்களில் துவாரமும் அணைந்துவிடும். மின்னல் குறி போட்ட துவாரம் இருந்தால் மட்டும் சில வகைகளில் தொடரும். அந்த நேரத்தில் பாடத்தை லப்டொப்பிலேயே பார்க்கட்டும், டெப்பைத் தொடவேண்டாம். 10,000 மில்லி அம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்றில் 37 வாட்-மணி இருக்கிறது. இழப்புப் போக முப்பதளவு வெளியே வரும். அந்த ஐபேட்டைக் கிட்டத்தட்ட முழுதாய் நிரப்ப அது போதும்.

வயரில்தான் சந்தேகம் என்றால், கரண்ட் வந்ததும் அதே வயரைச் சுவர்ச் சார்ஜரில் போட்டு, திரையை அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். பாதி நிரம்பிய டெப் பத்து சதவீதமளவு ஏறினால் வயர் நல்லதுதான். இரண்டு மூன்று மட்டும் ஏறினால் வேறு வயர் போட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்