இருநூற்றைம்பது சொற்களில் ஒரு சொட்டு மருந்து

அவனியாபுரத்துக் கண்மாய்ப் பாசன வயல்களில் கதிர் அறுக்கும்போதும் களத்தில் தூற்றும்போதும் நெல் சுணை கண்ணில் விழுவது சாதாரணம். இரண்டு நாள் உறுத்தும். சிலர் தாய்ப்பால் விடுவார்கள், சிலர் விளக்கெண்ணெய் விடுவார்கள். கண் சிவந்து, கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி நினைவு வரும். சுணையோடு உள்ளே போன பூஞ்சை அதற்குள் புண்ணாகியிருக்கும். ஆறினாலும் பூ விழுந்துவிடும். ஆறாவிட்டால் கருவிழி ஓட்டையாகிவிடும். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் எடுத்த கணக்கைப்போல இது ஏறத்தாழப் பத்து மடங்கு.

இப்படி வந்து நிற்கும் விவசாயிக்கு எந்தச் சொட்டு மருந்தை எழுதுவது? நேட்டாமைசின் பழையது. வொரிகோனசோல் புதியது. புறநோயாளிப் பிரிவில் வரிசை நீண்டு நிற்க, மருத்துவர் கைபேசியில் தேடுகிறார். ஒரு சிஸ்டமேட்டிக் ரிவ்யூ கிடைக்கிறது. அதன் நூறு பக்கத்தையும் அவர் படிக்கப்போவதில்லை. மேலே இருக்கும் சுருக்கத்தைப் படிப்பார், மருந்தை எழுதுவார். அவரைப் பொறுத்தவரை அந்தச் சுருக்கம்தான் கட்டுரை.

அதனால்தான் சுருக்கத்தை நோக்கம், முறை, முடிவுகள், முடிவுரை என்று தலைப்பிட்ட பகுதிகளாக எழுதும் வழக்கம் வந்தது. 1987-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று இதை முன்வைத்தது. முறைசார் மீளாய்வுகளின் சுருக்கத்துக்கென்றே 2013-ல் பிரிஸ்மா பன்னிரண்டு அம்சப் பட்டியல் ஒன்று வந்தது. 2020 பிரிஸ்மாவில் அது திருத்தப்பட்டது. மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் நிரப்பி முடித்துவிடுகிறார்கள். பன்னிரண்டும் நிரம்பிய சுருக்கமும் மருத்துவரைக் கைவிடலாம். எங்கே கைவிடுகிறது என்பதை நம் ஊர் நோயை வைத்தே பார்ப்போம்.

நிலோ வின்சென்ட் ஃப்ளோர்குரூஸ், ஜெனிஃபர் எவன்ஸ் இருவரும் 2015-ல் காக்ரேன் நூலகத்தில் வெளியிட்ட மீளாய்வு, பூஞ்சைக் கருவிழிப் புண்ணுக்கான மருந்துகளைப் பற்றியது. அதில் சேர்ந்த 12 பரிசோதனைகளில் 10 இந்தியாவில் நடந்தவை. அவற்றுள் முக்கியமான ஒன்று மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்து 2013-ல் வெளியானது. ஆகவே இது வேறெங்கோ நடந்த சமாச்சாரம் இல்லை.

முதலில் தேடல். பலரும் எழுதுவது இப்படி இருக்கும்: “முக்கியத் தரவுத்தளங்களில் விரிவாகத் தேடினோம்.” இதில் தகவல் எதுவுமே இல்லை. எந்தத் தளங்கள், கடைசியாக எந்த மாதம், மொழி வரம்பு உண்டா என்ற மூன்றும் இருந்தால் போதும். “சென்ட்ரல், மெட்லைன், எம்பேஸ் ஆகியவற்றிலும் பரிசோதனைப் பதிவேடுகளிலும் 2015 மார்ச் வரை தேடினோம், மொழி வரம்பு வைக்கவில்லை” என்றால் வேலை முடிந்தது. தேதிக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? அதற்குப் பின் வந்த ஆய்வு எதுவும் இதில் இல்லை என்பதை இன்று படிப்பவருக்குச் சொல்லும் ஒரே குறிப்பு அதுதான். வெளியான ஆண்டை வைத்து அதை ஊகிக்க முடியாது. தேடி முடித்து இரண்டு ஆண்டு கழித்து அச்சேறும் மீளாய்வுகள் ஏராளம்.

அடுத்தது தேர்வு. இங்கே மாணவர்கள் விரும்பிச் செய்யும் தவறு ஒன்று உண்டு. தேடலில் எத்தனை ஆயிரம் தலைப்புகள் வந்தன, நகல்களை நீக்கியபின் எத்தனை, முழுக் கட்டுரையாகப் படித்தவை எத்தனை என்று சுருக்கத்திலேயே அடுக்குவார்கள். உழைத்த உழைப்பு தெரியட்டும் என்ற ஆசை. அந்த எண்களுக்குக் கட்டுரைக்குள் தனியாக ஒரு வரைபடமே இருக்கிறது. சுருக்கத்தைப் படிப்பவருக்கு வேண்டியது வேறு: எப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்தீர்கள், எத்தனை சேர்ந்தன, அவற்றில் எத்தனை பேர், எந்த ஊர்க்காரர்கள், அவற்றின் தரம் எப்படி? காக்ரேன் சுருக்கம் நாடுகளைச் சொல்கிறது; 12-ல் ஏழு பரிசோதனைகளில் ஏதோ ஒரு வகையில் பிழைச்சாய்வு அபாயம் அதிகம் என்றும் சொல்லிவிடுகிறது. பத்து பரிசோதனைகள் இந்தியாவில் என்ற ஒரு சின்னத் தகவலை வைத்தே மதுரை மருத்துவர் இது தன் நோயாளிக்குப் பொருந்துமா என்று முடிவு செய்யலாம். நகல் நீக்கிய கணக்கு அவருக்கு எதற்கு?

இனி தொகுத்த முடிவுகள். சிக்கல் எல்லாம் இங்கேதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நேட்டாமைசினையும் வொரிகோனசோலையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த மூன்று பரிசோதனைகளை, மொத்தம் 434 பேரை, இந்த மீளாய்வு ஒன்றாகத் தொகுத்தது. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கண்ணாடி போட்டுப் பார்த்த பார்வையில் வித்தியாசம் லாக்மார் அளவில் மைனஸ் 0.12. நம்பக இடைவெளி மைனஸ் 0.31 முதல் பிளஸ் 0.06 வரை. இதை அப்படியே எழுதினால் கண் மருத்துவர் தவிர யாருக்கும் விளங்காது. லாக்மாரில் 0.1 என்பது பார்வை அட்டையில் ஒரு வரி. எண் குறைந்தால் பார்வை நல்லது. எனவே நேட்டாமைசின் விட்டவர்கள் சராசரியாக ஒரு வரி கூடுதலாகப் படித்தார்கள். உண்மை வித்தியாசம் மூன்று வரி கூடுதல் என்பதிலிருந்து அரை வரி குறைவு என்பது வரை எங்கும் இருக்கலாம். இந்தச் சான்றின் தரம் குறைவு என்று மீளாய்வே மதிப்பிட்டிருக்கிறது.

இந்த எண்களை வைத்து “இரண்டு மருந்துக்கும் பார்வையில் வித்தியாசமில்லை” என்று எழுதினால் அது பொய். இடைவெளிக்குள் பூஜ்யம் இருக்கிறது என்பதால் வித்தியாசம் பூஜ்யம் ஆகிவிடாது. மூன்று வரி நன்மையும் அதே இடைவெளிக்குள்தான் இருக்கிறது. “நேட்டாமைசின் பார்வையை மேம்படுத்துகிறது” என்றாலும் பொய்தான். “நேட்டாமைசினில் சற்று மேலாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை” என்பதே நேர்மை. நீளம் ஒன்றும் கூடிவிடவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரவிந்த் பரிசோதனை தனியாகத் தந்த பதில் மைனஸ் 0.18, இடைவெளி மைனஸ் 0.30 முதல் மைனஸ் 0.05 வரை. அது தெளிவான பதில். மூன்றையும் சேர்த்த பிறகு இடைவெளி குறுகவில்லை, அகலமாகிவிட்டது. ஆட்கள் கூடினால் உறுதியும் கூட வேண்டுமே? கூடாமல் போனால், சேர்த்த பரிசோதனைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதற்குப் பெரும்பாலும் அது அடையாளம். தொகுத்த எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு இந்த முரணைச் சொல்லாமல் விடும் சுருக்கம் படிப்பவரைச் சராசரிக்குள் தள்ளிவிட்டுப் போகிறது. “பரிசோதனைகளின் முடிவுகள் வேறுபட்டன” என்ற மூன்று சொற்களுக்கு எந்த இதழும் இடம் மறுக்காது.

இரண்டாவது அளவீடு: கருவிழி ஓட்டையாவது, அல்லது அவசரமாகக் கருவிழி மாற்ற நேர்வது. இதில் இடர் விகிதம் 0.61, இடைவெளி 0.40 முதல் 0.94 வரை, சான்றின் தரம் உயர்வு. விகிதத்தை மட்டும் தருவது பாதித் தகவல். வொரிகோனசோல் விட்ட நூறு பேரில் இருபது பேருக்கு இந்த விபரீதம் நேரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நேட்டாமைசினில் அது பன்னிரண்டு பேர். இடைவெளியைக் கணக்கில் எடுத்தால் எட்டிலிருந்து பத்தொன்பது பேர் வரை. அடிப்படை இடர் பத்துப் பேர் என்றால் தப்புகிறவர்கள் நால்வர்தான். விகிதம் அதேதான், ஆனால் அதன் பொருள் மாறிவிடுகிறது. ஆகவே விகிதத்தோடு, ஒப்பீட்டுக் குழுவில் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள்.

மீளாய்வின் முடிவுரை, நேட்டாமைசின் கூடுதல் பலன் தருவதற்குச் சான்று இருக்கிறது என்கிறது. இது எந்த அளவீட்டின்மேல் நிற்கிறது? பார்வையின்மேல் அன்று, ஓட்டையைத் தவிர்ப்பதன்மேல். அந்தச் சுருக்கம் இரண்டு எண்களையும் அவற்றின் தரத்தோடு அருகருகே வைத்திருப்பதால் படிப்பவர் இதைத் தானே கண்டுபிடித்துவிட முடிகிறது. என் கட்சி, முடிவுரை இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கலாம் என்பது: “கருவிழி ஓட்டையாவதை நேட்டாமைசின் குறைக்கிறது; பார்வையில் அதன் பலன் உறுதியில்லை.” மருத்துவர் நோயாளியிடம் சொல்ல வேண்டியதும் இதுதான். கண் தப்ப வாய்ப்புக் கூடும் என்று சொல்லலாம், நன்றாகத் தெரியும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

பூஞ்சை இனமும் இங்கே முக்கியம். அரவிந்த் பரிசோதனையில் பியூசேரியம் தொற்றியவர்களிடம் பார்வை வித்தியாசம் நான்கு வரி. மற்றப் பூஞ்சைகளில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இது ஒரே பரிசோதனையின் உட்பிரிவு, தொகுத்த முடிவு இல்லை. சுருக்கத்தில் சேர்த்தால் அப்படியே அடையாளம் சொல்லிச் சேர்க்க வேண்டும். மீளாய்வின் ஆசிரியர்கள், இனவாரியாக ஆராய்வது இனி நடக்க வேண்டியது என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இதழ்கள் பெரும்பாலும் 250 அல்லது 300 சொல் தருகின்றன. அதில் பின்னணிக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கருவிழிப் புண் கொடியது என்று கண் மருத்துவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏறத்தாழப் பாதிச் சொற்கள் முடிவுகளுக்குப் போகட்டும். நிதி யார் கொடுத்தது, பதிவு எண் என்ன என்பவை கடைசியில் ஒரு வரி.

அட்டவணைகள் இறுதியான பிறகே சுருக்கத்தை எழுதுங்கள், எழுதியபின் ஒவ்வொரு எண்ணையும் அட்டவணையில் விரல் வைத்துச் சரிபாருங்கள். ஆறு பெரிய மருத்துவ இதழ்களை ஆராய்ந்த 1999-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, சுருக்கத்தில் இருந்த தகவல் உள்ளே முரண்பட்டதையோ உள்ளே இல்லாமலே போனதையோ இதழுக்கு இதழ் 18 முதல் 68 சதவீதம் வரை கண்டது. மாணவர் இதழ்களில் இல்லை, உலகின் முன்னணி இதழ்களில்.

அனுப்புவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். முடிவுரையை மட்டும் நீக்கிவிட்டு, மீதிச் சுருக்கத்தை வேறு துறை நண்பர் ஒருவரிடம் கொடுத்து முடிவுரையை அவரையே எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியது உங்களுடையதோடு ஒத்துவரவில்லை என்றால், திருத்த வேண்டியது உங்களுடையதை.