நான்கு கட்டில் அறை



கிழக்குக் கரையோரத்து ஊரொன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருந்தார். மகள் பதுளையில் படிக்கிறாள். 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்த பிறகு வெளியூர்ப் பெண் பிள்ளைகள் இந்த மலைநாட்டுப் பட்டினத்துக்கு நிறையவே வருகிறார்கள். தாதியர் பயிற்சி, தொழிற்பயிற்சி என்று வருகிறவர்கள் வேறு. இந்தப் பிள்ளை எந்த விடுதியில் இருக்கிறாள் என்பது நமக்கு வேண்டாம். ஓர் அறை, நான்கு கட்டில், நான்கு அலுமாரி, ஒரு மின்விளக்கு, ஒரே ஒரு ஜன்னல்.

தாயின் முறைப்பாடு இதுதான். பக்கத்துக் கட்டில்காரி நள்ளிரவு பன்னிரண்டரைக்குப் பிறகு போனில் பேச ஆரம்பிக்கிறாள். ஒன்றரை மணி வரை பேச்சு. என் மகள் தூங்குவதே இல்லை, பரீட்சை வருகிறது. மகளின் வாப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் உபவேந்தரிடம் சொல்லி வேறு அறை எடுக்கலாமா, அல்லது விடுதியை விட்டு வெளியே போர்டிங் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்.

நான் அந்தப் பிள்ளையோடு டெலிபோனில் பேசினேன். முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மகள், உங்களைப் பற்றி அந்த அறையில் யாராவது முறைப்பாடு சொன்னார்களா?" சற்று நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னாள். சுபஹுக்கு எழும்ப நாலரைக்கு அலாரம் வைக்கிறாள். முதல் அலாரத்துக்கு எழும்புவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது மூன்று தடவை அடிக்கிறது. பிறகு பெரிய லைட்டைப் போடுகிறாள், அலுமாரியைத் திறந்து உடுப்புத் தேடுகிறாள். ஒன்றரைக்குத் தூங்கிய மற்றவளுக்கு அது எப்படியிருக்கும்?

உபவேந்தரிடம் போயிருந்தால் இதுவும் அங்கே வந்திருக்கும். அது மட்டுமில்லை. மேலிடத்துக்குப் போகும் எந்த முறைப்பாடும் திரும்பக் கீழே வந்துதான் விசாரிக்கப்படும். உபவேந்தர் மாணவர் விவகாரப் பிரிவைக் கேட்பார், அவர்கள் வோர்டனைக் கேட்பார்கள், வோர்டன் விடுதியிலேயே தங்கியிருக்கும் சப் வோர்டனைக் கேட்பார். "எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்று சப் வோர்டன் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அதற்கு மேல், பெரிய இடத்துப் பிள்ளை என்ற பெயரும் நிலைத்துவிடும்.

ஆகவே முதலில் பேச வேண்டும். எப்போது பேசுவது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். தூக்கம் கலைந்த ஒன்றரை மணிக்குப் பேசினால் அது சண்டை. மற்ற இருவரும் கேட்டுக்கொண்டிருக்கப் பேசினால் அவமானம். நால்வருக்குமான வட்ஸ்அப் குழுவில் எழுதினால் இரண்டும் சேர்ந்துவிடும். நான் சொன்னது: பகலில், அறைக்கு வெளியே, தேநீர் குடிக்கும் இடத்தில், இருவர் மட்டும். முதலில் உங்கள் அலாரத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள். பிறகு ஒரே ஒரு விஷயத்தை, மணிக்கணக்கோடு கேளுங்கள். "நீங்கள் எப்போதும் சத்தம்" என்றால் அதற்குப் பதில் கிடையாது. "பன்னிரண்டரைக்குப் பிறகு வெளியே போய்ப் பேச முடியுமா" என்றால் முடியும், முடியாது என்று ஏதோ ஒன்று சொல்லியாக வேண்டும்.

பேசினாள். அப்போதுதான் தெரிய வந்தது. அந்தப் பிள்ளை லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். அவளுடைய அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். வீட்டு வேலை முடிந்து போன் கையில் கிடைப்பது அங்கே இரவு பத்து மணிக்கு. குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே பத்து என்றால் இங்கே பன்னிரண்டரை. வேறு நேரம் அந்தத் தாய்க்குக் கிடையாது. நம்முடைய எத்தனை வீடுகளில் இதே கதை இருக்கிறது!

இருவரும் சேர்ந்து முடித்த ஏற்பாடு சிறியதுதான். போன் வந்தால் அவள் தாழ்வாரத்துப் படிக்கட்டுக்குப் போவாள். அங்கே குளிர், ஆகவே நம் பிள்ளையின் தடித்த சால்வை அவள் கட்டில் தலைமாட்டில் இருக்கும். நம் பிள்ளை அலாரத்தைச் சத்தமில்லாமல் அதிர்வில் மட்டும் வைத்துத் தலையணைக்குள் வைப்பாள், ஒரு தடவை மட்டும். உடுப்பு, முஸல்லா, டோர்ச் எல்லாம் இரவே எடுத்து வைக்கப்படும், பெரிய லைட் கிடையாது. நோன்பு மாதத்தில் ஸஹர் சாப்பாடு அறைக்குள் இல்லை, கீழே சாப்பாட்டு மண்டபத்தில். இதை இருவரும் ஒரு கடதாசியில் எழுதி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினார்களாம். ஒட்டியதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்களாகவே செய்தது.

இதோடு முடிந்திருந்தால் இந்த மாதம் இதை எழுதியிருக்க மாட்டேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளையே போன் எடுத்தாள். இப்போது பிரச்சினை மூன்றாவது கட்டில். அந்த மாணவியின் சிநேகிதி ஒருத்தி, விடுதியில் இடம் கிடைக்காதவள், இரவில் வந்து தங்க ஆரம்பித்திருக்கிறாள். முதலில் ஒரு நாள், பிறகு வாரத்தில் நான்கு நாள். தரையில் பாய் போட்டால் நடக்க இடமில்லை, தொழ இடமில்லை. ஒரு நாள் நம் பிள்ளையின் அலுமாரியிலிருந்த பணமும் காணவில்லை. யார் எடுத்தது என்று சொல்ல முடியாது. ஐந்து பேர் புழங்கும் அறையில் யாரைக் கேட்பது? இருமுறை தனியாகப் பேசியும், "நீங்கள் மட்டும்தானா இந்த அறையில்" என்ற பதில்தான் கிடைத்தது.

முதல் பிரச்சினை பழக்கம் பற்றியது. போன் பேசுவதை, ஜன்னல் திறப்பதை, லைட் போடுவதை வோர்டன் வந்து நிரந்தரமாகத் தீர்க்க முடியாது. அவர் ஒரு நாள் புத்தி சொல்லலாம், அவ்வளவுதான். இரண்டாவது விதி பற்றியது. பதிவில்லாத ஒருவர் இரவு தங்கக் கூடாது என்பது சாதாரணமாக எல்லா விடுதிகளிலும் உள்ள விதி. தீப்பிடித்தாலோ, நோய் வந்தாலோ, பிள்ளை காணாமல் போனாலோ கணக்குச் சொல்ல வேண்டியவர் வோர்டன். ஆகவே அங்கே அவருக்கு அதிகாரமும் உண்டு, பயமும் உண்டு. வோர்டனிடம் போகிறவர்கள் விதியைப் பேச வேண்டும். குணத்தைப் பேசினால் "பிள்ளைகள் ஒத்துப் போங்கள்" என்று அனுப்பிவிடுவார்.

வாய்ப்பேச்சாகச் சொன்னால் மறந்துபோகும். பதினான்கு நாள் குறிப்பு எடுக்கச் சொன்னேன். திகதி, வந்த நேரம், போன நேரம், அவ்வளவே. பிறகு ஒரு பக்கத்துக்கு மேற்படாத கடிதம். அதை ஆங்கிலத்தில் எழுதினாள், அங்கே படிப்பிக்கும் மொழி அது, மேலே போனாலும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. கருத்து இப்படி:

"நான் இன்ன அறையில், இன்ன பதிவு இலக்கத்தில் இருக்கிறேன். இந்த அறையில் பதிவில்லாத ஒருவர் கீழ்க்கண்ட எட்டு இரவுகள் தங்கினார். இது பற்றி அறைத் தோழியுடன் இன்ன இரண்டு திகதிகளில் பேசினேன், பலனில்லை. இன்ன திகதியில் என் அலுமாரியிலிருந்த பணம் காணாமற்போனது, யாரையும் நான் குற்றம் சாட்டவில்லை. பதிவுள்ள நால்வர் மட்டும் அறையில் தங்குவதை உறுதி செய்யுமாறும், அலுமாரிப் பூட்டை மாற்றித் தருமாறும் கேட்டுக் கொள்கிறேன்."

"யாரையும் குற்றம் சாட்டவில்லை" என்பதைக் கட்டாயம் போடச் சொன்னேன். சாட்சியில்லாமல் திருட்டைச் சுமத்தினால் விசாரணை உங்கள் பக்கம் திரும்பும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சப் வோர்டனின் கையொப்பமும் திகதியும் வாங்கினாள். அந்தப் பிரதிதான் அடுத்த படிக்குச் சாவி. ஒரு வாரம் பார்த்து ஒன்றும் நடக்காவிட்டால் அதே கடிதம் வோர்டனுக்கு, அதற்கப்பால் மாணவர் ஆலோசகருக்கும் மாணவர் விவகாரப் பிரிவுக்கும். ஒவ்வொரு முறையும் முந்திய பிரதியை இணைக்க வேண்டும். வேறு அறை கேட்பது கடைசியில்தான். வெறுமையான கட்டில் இருந்தால்தான் அது நடக்கும், பருவத்தின் நடுவில் பெரும்பாலும் இருக்காது. அனுமதியில்லாமல் தானே கட்டிலை மாற்றிக்கொண்டால் விதியை மீறியவள் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படிகளெல்லாம் தகராறுக்கு மட்டும்தான். அடி, மிரட்டல், பகிடிவதை என்றால் படி கிடையாது. 1975இல் பேராதனை ராமநாதன் மண்டபத்தில் ரூபா ரத்னசீலி என்ற முதலாம் வருட மாணவி பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்து, முடமாகிப் போனார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரையிலும், பயமுறுத்திக் காரியம் சாதிப்பதற்கு ஐந்து வருடம் வரையிலும் சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. அப்படியானால் அன்றைக்கே சப் வோர்டனுக்கும் பொலிசுக்கும் வீட்டுக்கும் சொல்ல வேண்டும். பதினான்கு நாள் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது.

முறைப்பாடு படிப்படியாகப் போவது தோட்டத்துக்குப் புதிதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவில் இருந்தவர்கள் பீலித் தண்ணீர்ச் சண்டையைக் கூட முதலில் தலைவரிடம், பிறகு கணக்கப்பிள்ளையிடம், கடைசியில் லேபர் டே அன்று துரையிடம் கொண்டு போவார்கள். ஆனால் வேலை கொடுத்தவரே வீடும் கொடுத்தால் வாய் திறக்கப் பயம் வரும். பதுளை, பண்டாரவளைக் கடைத்தெருக்களில் கடைக்கு மேல்மாடியில் தங்கும் பையன்களின் நிலையும் அதுதான். கட்டில் போனால் வேலையும் போகும். தொழில் திணைக்களம் சம்பளத்தையும் லீவையும் கேட்கும், மேல்மாடியில் யார் குறட்டை விடுகிறார் என்று கேட்காது. கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பையனுக்கும் பூட்டுள்ள பெட்டி ஒன்று கொடுங்கள். மேல்மாடிக் கதையைக் கேட்க, காசு மேசையில் இருப்பவரல்லாத வேறொருவரை வையுங்கள். பையன்களின் சண்டையில் பாதி காசு மேசைக்காரரின் சொந்தக்காரப் பையனோடுதான்.

நம் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். கடிதம் கொடுத்த நான்காம் நாள் இரவு ஒன்பதரைக்கு சப் வோர்டன் பெயர்ப் பட்டியலோடு வந்தார். அந்த அறைக்கு மட்டும் வரவில்லை, அந்த மாடி முழுவதும் பார்த்தார். புத்திசாலிப் பெண்மணி. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியக் கூடாதென்று அப்படிச் செய்தார். ஆனாலும் தெரிந்துவிட்டது. சிநேகிதி வருவது நின்றது, பூட்டு மாறியது, பணம் கிடைக்கவில்லை. மூன்றாவது கட்டில்காரி நம் பிள்ளையோடு இன்னும் பேசுவதில்லை. பரீட்சை முடியும் வரை அது சரியாகாது என்றுதான் நானும் சொன்னேன். "பரவாயில்லை மாமி, இப்போது தூக்கம் வருகிறது" என்றாள்.

அவளுடைய உம்மா மட்டும் இன்னும் உபவேந்தருக்குத் தெரிந்தவரின் நம்பரை வைத்திருக்கிறாராம்.